மூட்டுவலி மாத்திரை, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கிரியேட்டினின் 3.4: ஒன்றரை வருஷம் ஒன்றும் செய்யாத மாத்திரை இப்போது மட்டும் எப்படி?

கதிர்_மன்னை

அம்மாவுக்கு வயது 64, எடை 48 கிலோ. சர்க்கரை கிடையாது. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்தது, காலை ஒன்று இரவு ஒன்று. எலும்பு டாக்டர் அதை ஐந்து நாளைக்குத்தான் எழுதிக் கொடுத்தார். வலி நன்றாகக் கேட்டதால் அதே சீட்டைக் காட்டி ஒன்றரை வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஊரில் கும்பாபிஷேகச் சாப்பாடு. மறுநாளே வாந்தி, வயிற்றுப்போக்கு. கத்திரி வெயில் வேறு. இரண்டு நாளும் கொஞ்சம் மோர், கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான் உள்ளே போனது. ஆனால் மாத்திரை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் ஒரு வலி ஊசியும் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, தலை சுற்றுகிறது என்றார். விசாரித்தால், முந்தின நாள் முழுக்க ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கிறார்.

ரத்தப் பரிசோதனையில், கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவுகளான கிரியேட்டினின் 3.4, யூரியா 118, பொட்டாசியம் 5.8. எட்டு மாசத்துக்கு முன் கிரியேட்டினின் 1.1 தான் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, டிரிப் ஏற்றி, இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். இன்று 2.6. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "வலி மாத்திரைதான் காரணம், இனிமேல் தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒன்றரை வருஷம் ஒன்றும் செய்யாத மாத்திரை இரண்டு நாளில் எப்படிக் கிட்னியைக் கெடுக்கும்? வயிற்றுப்போக்குதானே காரணமாக இருக்கும்? டயாலிசிஸ் வரைக்கும் போகுமா?

---

பாலு_1958

தம்பி, பயப்படாதீங்க. கிட்னிக்குத் தண்ணீர்தான் மருந்து. அம்மாவை ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கச் சொல்லுங்க, எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்தப் பழைய காலத்து மாத்திரைதான் பிரச்சினை. எனக்கும் முழங்கால் தேய்மானம்தான். என் டாக்டர் எட்டோரிகாக்சிப் கொடுக்கிறார். அது புது ரகம், பக்க விளைவு கிடையாது. அதற்கு மாற்றிக் கேளுங்க.

---

யாழினி_நெஃப்ரோ

கதிர், சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன், அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

முதலில் பாலு சாருக்கு. சிறுநீர் குறைந்துபோன கிட்னிக்கு நாலு லிட்டர் தண்ணீர் கொடுத்தால், வெளியே போக வழியில்லாமல் அது நுரையீரலில் போய் நிற்கும். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றும்போதுகூட, உள்ளே எவ்வளவு போனது, பையில் எவ்வளவு சிறுநீர் சேர்ந்தது என்று எழுதிக்கொண்டேதான் ஏற்றுவார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. வயிற்றுப்போக்கா மாத்திரையா என்று இரண்டில் ஒன்றைத் தேட வேண்டாம். இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம். கிட்னியின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் நுழைய ஒரு சின்னக் குழாய், வெளியேற ஒரு சின்னக் குழாய். உங்கள் ஊர்க்காரருக்கு மதகு என்று சொன்னால் புரியும். உடம்பில் நீர்ச்சத்து நன்றாக இருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, மதகை யாரும் தொட வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கில் ரத்த ஓட்டம் குறைந்தவுடன், வடிகட்டும் அழுத்தம் விழாமல் இருக்க உடம்பு இரண்டு வேலை செய்யும். புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து உள்மதகை அகலத் திறக்கும். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை வைத்து வெளிமதகை இறுக்கும்.

வலி மாத்திரை வேலை செய்வதே புரோஸ்டகிளாண்டினை நிறுத்தித்தான். மூட்டில் நிறுத்தினால் வலி குறைகிறது. கிட்னியில் நிறுத்தினால் உள்மதகு திறக்காது. டெல்மிசார்ட்டன் வெளிமதகை இறுக விடாது. அதோடு சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் போக்கும் மருந்து, அதாவது வாய்க்காலில் ஏற்கெனவே குறைவாக இருந்த தண்ணீரையும் குறைக்கும். ஆக, அம்மாவின் உடம்பு தற்காத்துக்கொள்ள வைத்திருந்த எல்லா வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிட்டது. தெருமுனையில் போட்ட ஊசி அனேகமாக டைக்ளோஃபெனாக். அது அசெக்ளோஃபெனாக்குக்கு அண்ணன் தம்பி மாதிரி, அதாவது அன்றைக்கு இரட்டை டோஸ்.

ஒன்றரை வருஷம் ஏன் தெரியவில்லை என்றால், அந்த ஒன்றரை வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. புரோஸ்டகிளாண்டின் தேவைப்படாத கிட்னியில் அதை நிறுத்தினால் பெரிதாக எதுவும் நடக்காது. தேவைப்படும் நாளில் நிறுத்தினால் ஓரிரு நாளே போதும்.

பொட்டாசியம் 5.8 எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வலி மாத்திரை, டெல்மிசார்ட்டன் இரண்டுமே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். ஈசிஜி எடுத்தார்களா? இளநீர், பழச்சாறு இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

3.4-இலிருந்து 2.6-க்கு இறங்கியிருப்பது நல்ல போக்கு. இந்த வகைப் பாதிப்பில், மருந்தை நிறுத்தி நீர்ச்சத்தை ஈடுகட்டினால் பெரும்பாலானவர்களுக்கு சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் கிட்னி திரும்பிவிடும். பழைய 1.1-க்கே வருமா என்று இப்போதே சொல்ல முடியாது.

---

ஜெனி_நாகர்கோவில்

எங்க மாமியாருக்கும் கிட்னி பிரச்சினைதான். 6 மி.மீ. கல். தக்காளி விதை சாப்பிடலாமா? வாழைத்தண்டு ஜூஸ் கொடுக்கிறோம். வலி வந்தால் உடனே டைக்ளோஃபெனாக் ஊசி போடுகிறார்கள், அதுவும் கூடாதா?

---

யாழினி_நெஃப்ரோ

ஜெனி, கல் வேறு கதை, தனி இழை தொடங்குங்கள். ஆனால் ஊசியைப் பற்றிக் கேட்டது நியாயம். கிட்னி நன்றாக இருப்பவருக்குக் கல் வலியில் டைக்ளோஃபெனாக் ஊசி நல்ல மருந்து, அதைத்தான் நாங்களும் போடுகிறோம். ஒரு ஊசி, ஒரு நாள் என்பது வேறு, தினமும் என்பது வேறு. மாமியார் வாந்தி எடுத்துக் காய்ந்து கிடக்கிறார், அல்லது இருப்பதே ஒரு கிட்னி, அல்லது கிரியேட்டினின் ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்றால் போடுவதற்கு முன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

---

கதிர்_மன்னை

ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள். இன்று பொட்டாசியம் 4.9. நன்றி டாக்டர்.

ஒரு சந்தேகம். எட்டு மாசத்துக்கு முன் எடுத்த 1.1 நார்மல்தானே? லேப் ரிப்போர்ட்டில் கறுப்பு எழுத்தில்தான் இருக்கிறது. அப்போதே ஏதாவது தெரிந்திருக்குமா?

---

யாழினி_நெஃப்ரோ

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. அறுபதைத் தாண்டிய, 48 கிலோ எடையுள்ள அம்மாவுக்குத் தசை குறைவு. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு 1.1 என்றால் கவலையே இல்லை. 64 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1-ஐ, கிட்னி நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் இ-ஜிஎஃப்ஆர் கணக்கில் போட்டால் 56 அளவில் வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாசத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய் என்றே பெயர். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அப்போதே கிட்னியில் கையிருப்பு குறைவு என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். லேப் கறுப்பு எழுத்தில் போட்டது எல்லா வயதுக்கும் ஒரே எல்லையை வைத்துத்தான்.

இன்றைய 2.6-ஐ அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்துப் பயப்படாதீர்கள். கிரியேட்டினின் தினமும் மாறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சூத்திரம் செல்லாது.

---

மெடிக்கல்_முருகன்

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன் சொல்கிறேன். வருகிறவர்கள் மருந்துப் பெயரே சொல்வதில்லை. "கை கால் வலிக்கு நாலு மாத்திரை குடுங்க", "போன தடவை குடுத்த பச்சை மாத்திரை", இவ்வளவுதான். பத்து மாத்திரை அட்டையிலிருந்து நாலை வெட்டிக் கொடுத்தால், மருந்துப் பெயர் இருக்கிற பக்கம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்குப் போகிற துண்டில் பாதி எழுத்தும் ஒரு ஓரமும்தான் இருக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க" என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று வலி மாத்திரை வாங்குவார். முழங்காலுக்கு அசெக்ளோஃபெனாக், பல் டாக்டர் எழுதிய கீட்டோரோலாக், காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் பாராசிட்டமால் சேர்ந்தது. பெயர் வேறு வேறாக இருப்பதால் மூன்றும் வேறு வேறு வேலை செய்கிறது என்று நினைப்பார்கள். மூன்றும் ஒரே குடும்பம். பெண் பிள்ளைகள் மாதவிடாய் வலிக்கு வாங்கும் மெஃபெனமிக் ஆசிடும் அதே குடும்பம்தான்.

சீட்டு இல்லாமல் கொடுக்காதே என்று எனக்குச் சொல்லலாம். நான் கொடுக்கவில்லை என்றால் நாலு கடை தள்ளி வாங்கிக்கொள்வார்கள். நியாயப்படுத்தவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரையும் சேர்த்து வாங்குபவர் என்றால் "வாந்தி பேதி இருக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

---

பாலு_1958

மேடம், எட்டோரிகாக்சிப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. அது வயிற்றுப் புண் வராத ரகம் என்று எனக்குத் தெளிவாகச் சொன்னார்கள்.

---

யாழினி_நெஃப்ரோ

வயிற்றைப் பொறுத்தவரை உங்கள் டாக்டர் சொன்னது சரி சார். எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் இரண்டும் புரோஸ்டகிளாண்டினைத் தயாரிக்கும் நொதிகளில் காக்ஸ்-2 என்பதை மட்டும் குறிவைப்பவை, இரைப்பையைக் காப்பது காக்ஸ்-1, அதனால் புண் குறைவு. ஆனால் கிட்னியில் காக்ஸ்-2-உம் சேர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ந்த உடம்பில் உள்மதகைத் திறக்க அதுவும் வேண்டும். அதனால் கிட்னிக்கு இந்தப் புது ரகத்தால் தனிப் பாதுகாப்பு இல்லை. எட்டோரிகாக்சிப் பிரஷரையும் ஏற்றும். உங்களுக்குப் பிரஷர், சர்க்கரை இருக்கிறதா? கடைசியாகக் கிரியேட்டினின் எப்போது பார்த்தீர்கள்?

---

பாலு_1958

பிரஷர் இருக்கிறது. டெல்மிசார்ட்டன்தான். கிரியேட்டினின் பார்த்ததாக ஞாபகம் இல்லை. சரி, திங்கட்கிழமை பார்க்கிறேன்.

---

மோயாறு_சிவா

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். நான் பிணந்தின்னிக் கழுகுகளைக் கவனிப்பவன். இந்தியாவில் இவை கிட்டத்தட்ட அழிந்துபோனதற்குக் காரணம் இதே டைக்ளோஃபெனாக். வலிக்கு மாட்டுக்கு ஊசி போட்டு, அந்த மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகளுக்குக் கிட்னி செயலிழந்தது. செத்த கழுகை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருக்கும். 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில்தான் காரணம் பிடிபட்டது. 2006-இல் இந்தியா கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. உடனே அசெக்ளோஃபெனாக்குக்குத் தாவினார்கள். மாட்டின் உடம்பில் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று தெரிந்து, 2023-இல் அதையும் கீட்டோபுரோஃபெனையும் தடை செய்தார்கள். மாட்டுக்குத் தடை செய்த மருந்தை நாம் சீட்டில்லாமல் சாப்பிடுகிறோம் என்பது எனக்கு விநோதமாக இருக்கிறது.

---

யாழினி_நெஃப்ரோ

சிவா, நல்ல தகவல், ஆனால் இதைப் படித்து யாரும் மனிதருக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். கழுகால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது, மிகச் சிறிய அளவே அதைக் கொன்றுவிடும். நம் கல்லீரல் சில மணி நேரத்தில் உடைத்துவிடுகிறது. கிட்னி நன்றாக இருக்கும் முப்பது வயதுக்காரர் சுளுக்குக்கு மூன்று நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

---

ஓட்டம்_தினேஷ்

முப்பது வயதுக்காரர் என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. மாரத்தான் அன்று காலையில் முன்னெச்சரிக்கையாக ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவது எங்கள் குழுவில் பலருக்குப் பழக்கம். சென்னை வெக்கையில் ஒரு முழு மாரத்தானுக்குப் பிறகு மாலை வரை எனக்குச் சிறுநீரே வரவில்லை. கிரியேட்டினின் 1.9. இரண்டு நாளில் இறங்கிவிட்டது. அதனால் தீவிரமான விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன், தண்ணீர் சரியாகக் குடித்தால் போதும்.

---

யாழினி_நெஃப்ரோ

தண்ணீர் குடித்தால் போதும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாரத்தானைவிட நீண்ட அல்ட்ரா மாரத்தான் ஓடுபவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2017-இல் வெளியானது. 80-க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ ஒரு பாதிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐபுப்ரோஃபென் 400, மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஓட்டம் முடிந்ததும் பார்த்தால் ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குக் கிட்னி பாதிப்பின் அறிகுறி, மற்றவர்களில் 34. ஓட்டமே கிட்னியைச் சோதிக்கிறது, மாத்திரை அதை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானது என்று சொல்லும் அளவு அந்த ஆய்வு பெரியதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வலி வராமலிருக்கும்போதே மாத்திரை போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

---

சுபா_தூத்துக்குடி

உப்பளப் பக்கம் செவிலியராக இருக்கிறேன். மாரத்தான் ஒரு நாள் கூத்து. இங்கே வேலையே அப்படித்தான், விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்று உப்பு வாருவார்கள். பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், ஒதுங்க இடம் கிடையாது என்பதால். சாயங்காலம் இடுப்பு வலி, கால் வலி என்று கடை மாத்திரை. காலையில் அந்த வலி மாத்திரையோடுதான் மறுபடியும் வேலைக்கு. "நிறைய தண்ணீர் குடிங்க" என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் பாதி மாத்திரை குறையும். டாக்டர் மேடம், இவர்களுக்கு வலிக்கு நான் என்னதான் கொடுப்பது?

---

யாழினி_நெஃப்ரோ

சுபா அக்கா, பாராசிட்டமால் 500 தான் முதல். மெலிந்தவர்களுக்கு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம், தினமும் மது குடிப்பவராக இருந்தால் அதைவிடக் குறைவு. அது மூட்டுவலிக்கு அவ்வளவாகக் கேட்காது என்பதும் உண்மைதான், அதனால்தான் எல்லோரும் மற்றதற்குப் போகிறார்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலுக்குத் தடவலாம். மாத்திரையில் ரத்தத்தில் ஏறுவதில் பத்தில் ஒரு பங்குகூட அதில் ஏறாது. கிட்னி ஏற்கெனவே மோசமாக இருப்பவர் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

மாத்திரையாக அறவே வேண்டாம் என்று யாருக்குச் சொல்லலாம் என்றால், நலமாக இருக்கும் நாளிலேயே கிட்னி புரோஸ்டகிளாண்டினை நம்பி ஓடும் ஆட்களுக்கு. இதயம் பலவீனமாகிக் கால் வீங்குபவர்கள், ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோர்த்தவர்கள், இ-ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனவர்கள். 30-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் எச்சரித்தது. அங்கே பாதிக்கப்படுவது குழந்தையின் கிட்னி, பனிக்குட நீர் குறைந்துவிடும். மற்றபடி யாராக இருந்தாலும் வாந்தி, பேதி, டெங்கு மாதிரி காய்ச்சல் இருக்கும் நாட்களில் வேண்டாம். டெங்குவில் ரத்தக் கசிவு அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

---

ரவி_ஜிபி

பொது மருத்துவன். யாழினி சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு இடத்தில் மட்டும் தயக்கம். இதைப் படிப்பவர்கள் பேதி வந்தால் வலி மாத்திரையோடு பிரஷர் மாத்திரையையும் தாங்களே நிறுத்திவிடுவார்கள். உடம்பு சரியில்லாத நாளில் டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எல்லாம் நிறுத்து என்று ஒரு விதி பல நாடுகளில் அட்டை போட்டுக் கொடுக்கப்படுகிறது. அது கிட்னியை உண்மையிலேயே காப்பாற்றுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் குறைவு. நிறுத்தியவர்களில் சிலர் திரும்பத் தொடங்கவே மாட்டார்கள், அடுத்த வருஷம் பக்கவாதத்தோடு வருவார்கள். என் அனுபவத்தில் அதையும் பார்த்திருக்கிறேன்.

---

யாழினி_நெஃப்ரோ

ரவி சார், ஆதாரம் குறைவு என்பது சரி. இருந்தாலும் நான் சொல்லித்தான் அனுப்புகிறேன். 2013-இல் பிஎம்ஜே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, பிரஷர் மருந்து எடுக்கும் ஏறத்தாழ 4,87,000 பேரைப் பார்த்தது. நீர் மாத்திரையும் டெல்மிசார்ட்டன் வகையும் மட்டும் சேர்ந்தபோது திடீர்க் கிட்னி பாதிப்பின் அபாயம் கூடவில்லை. மூன்றாவதாக வலி மாத்திரை சேர்ந்தபோது 31 சதவீதம் கூடியது, முதல் 30 நாளில் 82 சதவீதம். அதனால் நிறுத்துவதில் முதலிடம் வலி மாத்திரைக்கு. அதில் நமக்குள் சண்டை இல்லை. பிரஷர் மாத்திரையை, வாந்தி பேதி நிற்காமல் சாப்பாடும் இறங்காத நாளில் மட்டும், டாக்டருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்கிறேன். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த ஓரிரு நாளில் மறுபடி தொடங்க வேண்டும்.

---

ரவி_ஜிபி

போன் போட ஒரு டாக்டர் இருப்பவர்களுக்கு அது சரி. இல்லாதவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் என் கேள்வி. இதற்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை.

---

கதிர்_மன்னை

இரண்டு வாரம் ஆகிவிட்டது, நிலவரம் எழுதுகிறேன். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. டிஸ்சார்ஜ் அன்று 1.6, நேற்று 1.3. சிறுநீர் நன்றாகப் போகிறது. பிரஷருக்கு இப்போது அம்லோடிபின் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு ஜெல்லும் பாராசிட்டமாலும். அம்மாவுக்கு அது போதவில்லை. மாடிப்படி ஏறும்போது முனகுகிறார், "அந்த மாத்திரையில் ஒன்றே ஒன்று" என்று கேட்கிறார். பழைய துண்டு அட்டைகளை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். டிராமடால் கேட்கலாமா? 1.3-இலேயே நின்றுவிடுமா?

---

யாழினி_நெஃப்ரோ

டிராமடால் கிட்னியின் ரத்த ஓட்டத்தைத் தொடாது, ஆனால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். இந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளும் பயம் உண்டு. டாக்டர் கொடுத்தால் குறைந்த அளவில், சில நாளைக்கு மட்டும். அதைவிட, பிசியோதெரபிஸ்டிடம் தொடைத் தசைக்கான பயிற்சி கற்றுக்கொண்டு தினமும் செய்யச் சொல்லுங்கள், பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். ஒரு முழங்கால் மட்டும் மோசம் என்றால் அதில் ஊசி போடுவதைப் பற்றி எலும்பு டாக்டரிடம் கேட்கலாம். அவரிடம் போகும்போது இந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள், இல்லையென்றால் மறுபடி அதே ஐந்து நாள் மாத்திரையைத்தான் எழுதுவார்.

1.3-இல் நிற்குமா என்பது மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும். அப்போது கிரியேட்டினினோடு சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது நிறையப் போகிறது என்றால் இதே வலி மாத்திரைகள் செய்யும் வேறு வகைப் பாதிப்பையும் யோசிக்க வேண்டும். அது பல மாசம் சாப்பிட்ட பிறகு மெதுவாக வருவது, பேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சில சமயம் பயாப்சிகூடத் தேவைப்படும். டெல்மிசார்ட்டனைத் திரும்பத் தொடங்குவதா என்பதையும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

---

மெடிக்கல்_முருகன்

கதிர், ஒளித்து வைத்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்க தம்பி. அப்படியே அம்மா வழக்கமாக வாங்கும் கடையில் போய் அவர் பெயரைச் சொல்லி, கொடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்க. பக்கத்துக் கடையிலும்.